இரண்டு யூனிட் இருந்தும் ரூம் ஏன் சூடாகிறது: கோல்டு ஸ்டோரேஜுக்கு ஒரு ஃபால்ட் ட்ரீ

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் 50 டன் கோல்டு ஸ்டோரேஜ் வச்சிருக்கோம், ஆப்பிள், திராட்சை, கேரட் எல்லாம் 2 டிகிரியில. ரெண்டு யூனிட், ஒவ்வொண்ணும் 5 டிஆர், ஒண்ணு ஸ்பேர் மாதிரின்னு சொல்லித்தான் வித்தாங்க. ஜெனரேட்டரும் இருக்கு. பிப்ரவரியில இருந்து ஜூலைக்குள்ள ஏழு தடவை ரூம் சூடாயிருச்சு. நாலு தடவை மதியம் 2 மணியில இருந்து 4 மணிக்குள்ள, ரெண்டு தடவை ராத்திரி கரண்ட் போயிட்டு வந்த பிறகு, ஒரு தடவை 12 டன் லோடு ஏத்தின மறுநாள். ஒரு கம்ப்ரசரையே மாத்தியாச்சு. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்றார். ஃபால்ட் ட்ரீ போட்டா கண்டுபிடிச்சிரலாம்னு தம்பி சொல்றான். எப்படிப் போடறது சார்?

பதில்:

முதலில் ஒன்று, நேரத்தைக் குறித்து வைத்தீர்களே, அதுவே பாதி வேலை. பெரும்பாலான இடங்களில் "அடிக்கடி நிற்குது சார்" என்பதைத் தாண்டி எதுவும் கிடைக்காது. (ஆப்பிளையும் கேரட்டையும் ஒரே ரூமில் வைக்காதீர்கள். ஆப்பிள் விடுகிற எத்திலீனில் கேரட் கசந்துபோகும். அது வேறு கதை.)

ஃபால்ட் ட்ரீயை மேலிருந்து கீழே போட வேண்டும். எது நடக்கக் கூடாதோ அதை உச்சியில் எழுதிவிட்டு, "இது நடக்க உடனடிக் காரணம் என்ன" என்று ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட்டுக்கொண்டே போவது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், மினிட்மேன் ஏவுகணையின் ஏவு கட்டுப்பாட்டை ஆராய்வதற்காக எச்.ஏ. வாட்சன் என்பவர் உருவாக்கிய முறை இது. ஏவுகணைக்குச் செய்ததை நாம் கேரட்டுக்குச் செய்கிறோம், தப்பில்லை.

காரணங்களைச் சேர்க்க இரண்டே முடிச்சுகள். அண்ட் கேட் என்றால் கீழே இருப்பது எல்லாம் சேர்ந்து நடந்தால்தான் மேலே இருப்பது நடக்கும்: இதுவும் அதுவும். ஆர் கேட் என்றால் ஒன்று நடந்தாலே போதும்: இதுவோ அதுவோ. நான் இவற்றை 'உம்' என்றும் 'அல்லது' என்றும் எழுதுகிறேன், தமிழில் யோசிக்க அதுதான் சுலபம். ஃபார்முலாவில் 'உம்' என்பது பெருக்கல் புள்ளி, 'அல்லது' என்பது கூட்டல் குறி.

உச்சியில் என்ன எழுதுவது? "கம்ப்ரசர் ட்ரிப்" என்று எழுதினீர்கள் என்றால் மரம் முழுக்க கம்ப்ரசரையே சுற்றி வரும், கடைசியில் இன்னொரு கம்ப்ரசர் வாங்குவீர்கள். ஒரு கம்ப்ரசர் நின்று, இன்னொன்று ரூமைத் தாங்கிவிட்டால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. அதனால் உச்சியில் "ரூம் வெப்பம் 6 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தது" என்று எழுதுங்கள். டிகிரியும் நேரமும் உங்கள் சரக்கைப் பொறுத்து மாறலாம், ஆனால் இரண்டும் எண்ணாக இருக்க வேண்டும். உங்கள் ஏழு சம்பவங்களையும் இந்த அளவுகோலில் ஒருமுறை வைத்துப் பாருங்கள், ஒன்றிரண்டு கழன்றுவிட்டாலும் ஆச்சரியமில்லை.

இப்போது ஸ்பேர் கதைக்கு வருவோம். இரண்டு யூனிட்டில் ஒன்று ஸ்பேர் என்றால் மரத்தில் அது 'உம்': முதல் யூனிட்டும் நிற்க வேண்டும், இரண்டாவதும் நிற்க வேண்டும், அப்போதுதான் ரூம் சூடாகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு யூனிட்டால் உண்மையிலேயே ரூமைத் தாங்க முடியுமா என்று யாராவது அளந்தார்களா? அளக்கக் கஷ்டமே இல்லை. புது லோடு ஏற்றாத ஒரு நாளில் ஒரே ஒரு யூனிட்டை மட்டும் ஓட விட்டு, 24 மணியில் அது எத்தனை மணி ஓடியது என்று குறியுங்கள். 16 மணி ஓடியது என்று வையுங்கள். யூனிட்டின் குளிரூட்டும் திறனான 5 டிஆரை 16-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் 3.3 டிஆர். சுவர், கதவு, ஃபேன், லைட், பழங்கள் மூச்சு விடுகிற சூடு எல்லாம் சேர்ந்த அன்றாடச் சுமை அது. ஒரு யூனிட் தாராளமாகத் தாங்கும்.

ஆனால் 12 டன்னை 30 டிகிரியில் கொண்டு வந்து 24 மணியில் 2 டிகிரிக்கு இறக்க வேண்டுமென்றால்? காய்கறி, பழம் ஒரு கிலோவை ஒரு டிகிரி இறக்கச் சுமார் 3.8 கிலோஜூல் எடுக்க வேண்டும். 12,000 கிலோ, 28 டிகிரி, கணக்குப் போட்டால் நாள் முழுக்கச் சராசரியாக 14.8 கிலோவாட், அதாவது 4.2 டிஆர். அன்றாடச் சுமையோடு சேர்த்தால் 7.5 டிஆர். அன்றைக்கு இரண்டு யூனிட்டும் ஓடியே ஆக வேண்டும். அதாவது, லோடு நாளில் உங்கள் 'உம்' கேட் சத்தமில்லாமல் 'அல்லது' கேட்டாக மாறிவிடுகிறது: முதல் யூனிட் நின்றாலும் போச்சு, இரண்டாவது நின்றாலும் போச்சு. மரத்தில் இப்படி நிலைமையைப் பொறுத்துத் திறந்து மூடும் இடத்துக்கென்றே ஒரு சின்னம் உண்டு, வீடு மாதிரி ஐங்கோணமாக வரைவார்கள். அது காரணம் அல்ல, ஒரு ஸ்விட்ச். "இன்று பெரிய லோடு" என்று அதில் எழுதி, ஆன், ஆஃப் இரண்டு நிலைக்கும் மரத்தைத் தனித்தனியாகப் படிக்க வேண்டும். உங்கள் ஏழாவது சம்பவம் இங்கேதான் உட்காருகிறது. அன்று ஒரு யூனிட்டில் ஃபேன் மோட்டாரோ ஓவர்லோடோ ஏதோ சின்னதாகத்தான் போயிருக்கும், வேறொரு நாளாக இருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. மேலே சொன்ன 3.3 உண்மை என்றால், ஒரு யூனிட்டை நம்பி ஒரே நாளில் ஏற்றக்கூடியது 5 டன்னுக்குள். டீஃப்ராஸ்ட் நேரத்தையும் வெயிலையும் நினைத்து 4 டன் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து மதியம் 2 முதல் 4. ஏழில் நாலு இங்கே இருப்பதால் இதற்கு அதிக நேரம் கொடுக்கிறேன்.

அந்த நேரத்தில் நிற்கும் ஏர்-கூல்டு யூனிட் பெரும்பாலும் ஹெச்பி கட்-அவுட்டில்தான் நிற்கும், அதாவது சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் பக்கத்துப் பிரஷர் எகிறி ஸ்விட்ச் வெட்டிவிடும். உங்கள் கேஸ் ஆர்-404ஏ என்றும் கட்-அவுட் 390 பிஎஸ்ஐ-யில் வைத்திருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன் (ஸ்விட்சில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்). சுத்தமான கண்டென்சரில் கேஸ் வெளிக்காற்றைவிட 12 டிகிரி அளவு கூடுதல் சூட்டில் திரவமாகும். வெளியே 38 என்றால் உள்ளே 50, அதற்கான பிரஷர் சுமார் 320 பிஎஸ்ஐ. பிரச்சினை இல்லை. இப்போது காயிலில் தூசியும் பஞ்சும் அப்பி, அந்த 12 டிகிரி வித்தியாசம் 22 ஆகிவிட்டது என்று வையுங்கள். காலையில் வெளியே 30 இருக்கும்போது உள்ளே 52, சுமார் 335 பிஎஸ்ஐ, அப்போதும் ஓடும். மதியம் 38 ஆனதும் உள்ளே 60, பிரஷர் 400-ஐத் தொடும். டப்.

இதில் அழுக்கு மட்டும் காரணமில்லை, வெயில் மட்டும் காரணமில்லை, அழுக்கும் வெயிலும் சேர்ந்துதான். உங்கள் மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வது இதனால்தான். ஒரு நாள் "வெயில் சார்" என்பார், ஒரு நாள் "காயில் அழுக்கு" என்பார், ஒரு நாள் சாயங்காலம் வந்து ரீசெட்டை அமுக்குவார், சூடு இறங்கியிருப்பதால் ஜம்மென்று ஓடும், "ஸ்விட்ச் வீக்" என்று சொல்லி ஸ்விட்சை மாற்றுவார். அவர் பொய் சொல்லவில்லை, 'உம்' கேட்டின் ஒரு காலை மட்டும் பார்க்கிறார்.

சரி, ஸ்பேர் இருந்ததே, அது ஏன் காப்பாற்றவில்லை? இங்கேதான் அண்ட்-ஆர் கணக்கு உண்மையிலேயே வேலை செய்கிறது. D1, D2 என்பவை இரண்டு கண்டென்சர்களின் அழுக்கு. H என்பது மதிய வெயில். X1, X2 என்பவை அந்தந்த யூனிட்டுக்கே உரிய தனிக் கோளாறுகள் (ஃபேன் மோட்டார், காண்டாக்டர், கேஸ் லீக் இப்படி). எந்த யூனிட்டும் அழுக்கும் வெயிலும் சேர்ந்தாலோ தனிக் கோளாறு வந்தாலோ நிற்கும், அப்படி நிற்பதை U1, U2 என்று எழுதுகிறேன். இரண்டும் நிற்க வேண்டும் என்றால் பெருக்க வேண்டும்:

```
U1 = D1·H + X1
U2 = D2·H + X2
U1·U2 = D1·D2·H + D1·H·X2 + D2·H·X1 + X1·X2
```

பார்க்கப் பாதுகாப்பாகத் தெரிகிறது, முதல் மூன்று வழிக்கும் மூன்று மூன்று விஷயம் ஒன்றுசேர வேண்டியிருக்கிறதே. ஆனால் உங்கள் இரண்டு கண்டென்சரும் ஒரே மொட்டை மாடியில், ஒரே தூசியில், பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், ஒரே ஆள் ஒரே நாளில் கழுவுவார், மறந்தால் இரண்டையும்தான் மறப்பார். அதனால் D1-ம் D2-ம் வேறு வேறு நிகழ்ச்சி இல்லை, ஒரே D. ஒரே நிகழ்ச்சியை அதனாலேயே பெருக்கினால் அதுவேதான் வரும், D·D என்பது D. அப்புறம் D·H நடந்தாலே ரூம் போய்விடும் என்கிறபோது "D·H-உம் X1-உம்" என்ற வழியைத் தனியாக எழுதுவதில் அர்த்தமில்லை, சின்னது பெரியதை விழுங்கிவிடும்:

```
U1·U2 = D·H + X1·X2
```

இப்படிச் சுருக்கியபின் மிஞ்சுகிற ஒவ்வொரு துண்டையும் குறைந்தபட்ச வெட்டுக் கணம் என்பார்கள், இதில் எதையும் எடுத்துவிட்டால் விபத்து நடக்காது என்கிற அளவுக்குச் சிறிய கூட்டு. முதல் துண்டைப் பாருங்கள், ஸ்பேர் யூனிட் என்ற ஒன்றே அதில் இல்லை. இரண்டாவது யூனிட்டுக்குக் கொடுத்த பணம் X1·X2 என்ற துண்டில் மட்டும்தான் வேலை செய்கிறது. ஏப்ரல், மே மதியத்தில் H எப்போதும் உண்மை என்பதால், அங்கே தடுப்பு என்று இருப்பது D ஒன்றுதான், அதாவது ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு மனிதரும்.

பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தால் இன்னும் ஒரு தொல்லை. ஒன்று விடும் சூடான காற்றை இன்னொன்று இழுக்கும். அதோடு முதல் யூனிட் நின்றதும் ரூம் கொஞ்சம் சூடாகும், சூடான ரூமில் இரண்டாவது யூனிட் அதிகச் சூட்டை அள்ளி அதே அழுக்குக் கண்டென்சரில் கொட்ட வேண்டியிருக்கும், அதன் பிரஷரும் ஏறும். அரை மணியில் அதுவும் விழும். இதை எழுத்தில் D·H-க்குள்ளேயே அடக்கிவிட்டோம், ஆனாலும் "முதல் யூனிட் நின்ற நேரம், இரண்டாவது நின்ற நேரம்" என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்தால் இது பளிச்சென்று தெரியும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு கண்டென்சரை மட்டும் நன்றாகக் கழுவுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். மதியம் 3 மணிக்கு இரண்டும் ஓடும்போது இரண்டு ஹெச்பி கேஜையும் போட்டோ எடுங்கள். கழுவியது 40, 50 பிஎஸ்ஐ கீழே நின்றால் அழுக்குதான், வழக்கு முடிந்தது. இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் அழுக்கை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும்: சூடான காற்று சுற்றிவருவது, கேஸ் அதிகமாக ஏற்றியது, கம்ப்ரசர் மாற்றும்போது வாக்யூம் சரியாகப் போடாமல் உள்ளே காற்று சிக்கிக்கொண்டது. கம்ப்ரசர் மாற்றிய யூனிட் மட்டும் கழுவியும் உயரமாக நின்றால் எனக்கு முதல் சந்தேகம் அந்தக் காற்றின் மேல்தான் வரும்.

ஹெச்பி ஸ்விட்சை 390-லிருந்து 430-க்கு ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரை மாடியை விட்டுக் கீழே அனுப்புங்கள்.

இனி ராத்திரி. கரண்ட் போனபோது அல்ல, போய் வந்தபிறகு என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வார்த்தை முக்கியம். கரண்ட் திரும்பி வந்ததும் இரண்டு கம்ப்ரசரும் ஒரே நொடியில் கிளம்பினால், நேரடியாக ஸ்டார்ட் ஆகிற மோட்டார் ஓடும் கரண்டைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும், வோல்டேஜ் ஒரு கணம் தொபுக்கென்று இறங்கும், சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் அதை ஃபேஸ் கோளாறு என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். அது மெயின் பேனலில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், இரண்டு யூனிட்டுக்கும் பொது. ஆக, மரத்தில் இது ஸ்பேருக்கு மேலேயே, தனியாக ஒரு 'அல்லது' கால். இதில் "கரண்ட் திரும்புவது" ஒரு நிகழ்ச்சி, "தாமத டைமர் இல்லை" இன்னொரு நிகழ்ச்சி, இரண்டுக்கும் 'உம்'. ஆனால் டைமர் இல்லாதது என்றைக்குமே உண்மை, உங்கள் பேனலின் பிறவிக்குணம். அப்படி எப்போதும் உண்மையாக இருக்கும் கால் 'உம்' கேட்டில் இருந்தால், அந்தக் கேட் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

ஆனால் ப்ரிவென்டர் வெட்டினால் மட்டும் ரூம் கெட்டுவிடாதே, அலாரம் அடிக்கும், வாட்ச்மேன் எழுந்து ரீசெட் செய்வார் என்று கேட்பீர்கள். S என்பது ப்ரிவென்டர் வெட்டுவது, N என்பது யாருக்கும் தெரியாமல் போவது என்றால் S·N, இரண்டும் சேர வேண்டும். இங்கே போய்ப் பார்க்க வேண்டியது அலாரத்துக்கு வயர் எங்கிருந்து வருகிறது என்பதை. பல வருஷத்துக்கு முன் ஒரு ஐஸ்கிரீம் கிடங்கில் விடிகாலை நாலு மணிக்கு நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். மைனஸ் 20 ரூம் மைனஸ் 9-க்கு வந்திருந்தது, அலாரம் மூச்சு விடவில்லை. அலாரம் போர்டை அமுக்கிப் பார்த்தால் கணீரென்று அடிக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, அலாரத்துக்குக் கரண்ட் கொடுத்ததே ப்ரிவென்டர் வெட்டுகிற அதே கன்ட்ரோல் சப்ளைதான். ப்ரிவென்டர் வெட்டினால் கம்ப்ரசரும் நிற்கும், "கம்ப்ரசர் நின்றுவிட்டது" என்று கத்த வேண்டிய வாயும் மூடிக்கொள்ளும். S நடந்தாலே N-உம் நடக்கிறது என்றால் S·N என்பது வெறும் S. அலாரத்தைச் சோதித்தவர்கள் எல்லோரும் சப்ளை இருக்கும்போதே சோதித்திருக்கிறார்கள்.

உங்கள் அலாரமும் அப்படித்தானா என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும், பகலில் மெயின் பேனலின் கன்ட்ரோல் எம்சிபி-யை இறக்கிப் பாருங்கள். மணி அடித்தால் சந்தோஷம். அடிக்காவிட்டால் அலாரத்துக்குத் தனி பேட்டரி வேண்டும், அதன் ரிலே எப்போதும் இழுத்துப் பிடித்தபடி இருந்து சப்ளை போனால் விட்டுவிட்டு மணி அடிக்கிற மாதிரி இணைக்க வேண்டும். டைமரும் போடுங்கள், ஒரு யூனிட்டுக்கு 3 நிமிஷம், இன்னொன்றுக்கு 6. இரண்டும் சின்னச் செலவுதான், உங்கள் கம்ப்ரசர் பில்லோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராது.

மதியக் கிளைக்கு நான் N போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே யாருக்குத் தெரிந்தாலும் பயனில்லை, அதே வெயிலில் ரீசெட் செய்தால் பத்து நிமிஷத்தில் மறுபடி வெட்டும். கவனிப்பது சில கிளைகளில் தடுப்பு, சில கிளைகளில் வெறும் வேடிக்கை. மரத்தின் உச்சியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு "யாரும் கவனிக்கவில்லை" என்று 'உம்' போட்டுவிடுவது நான் அதிகமாகப் பார்க்கிற தப்பு. காகிதத்தில் ஆபத்து பத்தில் ஒன்றாகக் குறையும், மாடியில் ஒன்றும் குறையாது.

ஜெனரேட்டர் உங்கள் ஏழில் ஒன்றிலும் மாட்டவில்லை. ஆனால் மரம் போட்டால் அதுவும் தானாக வரும்: மின்வெட்டும் (M), ஜெனரேட்டர் கிளம்பாததும் (G). இங்கே எண்களைப் பெருக்கும்போது ஒரு குழி இருக்கிறது. "மின்வெட்டு வருஷத்துக்கு 36 தடவை, பேட்டரி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சாகிறது" என்று வைத்து இரண்டையும் அப்படியே பெருக்கிவிடுகிறார்கள். தடவையைத் தடவையால் பெருக்கினால் வருவதற்கு அர்த்தமே கிடையாது. ஒன்று தடவைக் கணக்காக இருக்கலாம், மற்றது "அந்த நேரத்தில் அது செத்துக்கிடக்க எவ்வளவு வாய்ப்பு" என்ற பின்னமாக இருக்க வேண்டும்.

செத்துக்கிடக்கும் வாய்ப்பு பேட்டரியின் தரத்தைவிட, நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள் என்பதைத்தான் பெரிதும் பொறுத்தது. பேட்டரி செத்தால் அது யாருக்கும் சொல்லாது, அடுத்த சோதனை வரை அப்படியே கிடக்கும். மாதம் ஒருமுறை பார்த்தால் சராசரியாக 15 நாள் தெரியாமல் செத்துக்கிடக்கும். 730 நாளில் 15, அதாவது 2 சதவீதம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் வெட்டு வருஷத்துக்கு 36 என்றால் ஆபத்து வருஷத்துக்கு 0.7 தடவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறீர்கள் என்றால் 730-ல் 90 நாள், 12 சதவீதம், வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல். வாரம் ஒருமுறை என்றால் மூன்றரை நாள், அரை சதவீதம், ஐந்தாறு வருஷத்துக்கு ஒன்று. பேட்டரி அதேதான். 36 என்பது நான் போட்ட எண், உங்கள் ஊர் நிலவரத்தை வைத்து மாற்றுங்கள். சோதனை என்றால் சாவியைத் திருகி உறுமவிட்டு அணைப்பது இல்லை, மெயின் சப்ளையை இறக்கி, அது தானாகக் கிளம்பி, ஒரு கம்ப்ரசரையாவது இழுக்கிறதா என்று பார்ப்பது.

கடைசிக் கிளை உள்ளே காயிலில் ஐஸ் கட்டுவது. 2 டிகிரி ரூமில் காயில் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும், அதனால் கொஞ்சம் ஐஸ் எப்போதும் உண்டு, டீஃப்ராஸ்ட் அதைக் கரைக்க வேண்டும். கதவு ரப்பர் கிழிந்து ஈரக்காற்று வருவதும் (W), டீஃப்ராஸ்ட் ஹீட்டரில் ஒன்று எரிந்து அரைகுறையாகக் கரைப்பதும் (F) சேர்ந்தால் மெல்ல மெல்ல அடைக்கும். ஹெச்பி கதைக்கு நேர் எதிர், இதில் யூனிட் எல்பி-யில், அதாவது உறிஞ்சும் பக்கத்துப் பிரஷர் இறங்கிப்போய், வெட்டும், நேரமும் மதியம்தான் என்று இருக்காது. டீஃப்ராஸ்ட் முடிந்த உடனே ஒரு டார்ச் அடித்துக் காயிலின் கீழ் வரிசையைப் பாருங்கள், ஐஸ் மிச்சமிருந்தால் இந்தக் கிளைக்கும் உயிர் இருக்கிறது.

மொத்தத்தையும் சேர்த்தால் சாதாரண நாளிலும் லோடு நாளிலும் உங்கள் மரம் இப்படிச் சுருங்கும், T என்பது உச்சியில் எழுதிய நிகழ்ச்சி:

```
T (சாதாரண நாள்) = D·H + S + M·G + W·F + X1·X2
T (லோடு நாள்)   = D·H + S + M·G + W·F + X1 + X2
```

உங்கள் நாலு D·H-லும், இரண்டு S-லும், ஒன்று லோடு நாள் X-லும் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதால் நிரூபணம் ஆகிவிடாது, கேஜ் போட்டோவும் எம்சிபி சோதனையும் முடிந்தபிறகுதான் நானே உறுதியாகச் சொல்வேன். S தனியாளாக நிற்பதால் அதை முதலில் சரிசெய்யுங்கள், பிறகு D. ஒற்றை எழுத்தாக மிஞ்சுகிற எதையும் விட்டுவைக்கக் கூடாது.

மாற்றிய கம்ப்ரசரைப் பற்றி: அது மரத்தில் எங்கே என்று கேட்டால், எனக்கு அது காரணமாகத் தெரியவில்லை, விளைவாகத்தான் தெரிகிறது. மாதக்கணக்கில் உச்சப் பிரஷரில் ஓடி, வெட்டி, மறுபடி கிளம்பி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதை ஃபால்ட் ட்ரீயில் காட்ட முடியாது, அதற்கு ஆம், இல்லை இரண்டுதான் தெரியும், தேய்மானம் தெரியாது. பழைய கம்ப்ரசரைத் திறந்து பார்த்தார்களா? வைண்டிங் முழுக்கச் சமமாகக் கருகியிருந்தால் அதிகச் சுமை, சூடு. ஒரு பகுதி மட்டும் கருகி மற்றது புதுசுபோல இருந்தால் ஃபேஸ் இழப்பு. வால்வு பிளேட் உடைந்திருந்தால் திரவம் திரும்பி வந்திருக்கிறது, அப்போது ஐஸ் கிளையைத் தீவிரமாகப் பார்க்க வேண்டும். ஸ்கிராப்புக்குப் போட்டிருந்தாலும் மெக்கானிக்கிடம் போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

மெக்கானிக் வந்ததும் முதலில் ரீசெட்டை அமுக்க விடாதீர்கள். பேனலில் எந்த விளக்கு எரிகிறது, இரண்டு கேஜும் என்ன காட்டுகிறது, வெளி வெப்பம் என்ன, மணி என்ன, கதவு திறந்திருந்ததா, இந்த ஐந்தையும் போனில் படம் எடுத்தபிறகு அமுக்கட்டும். எட்டாவது தடவை நடந்தால் அந்தப் படங்களை அனுப்புங்கள், எந்தத் துண்டு என்று பார்த்துச் சொல்கிறேன்.